தலையாட்டி பொம்மைக் கடை: பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் செயல்பாடு

மாணவர்கள் படிக்க வேண்டிய பகுதி

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போகும் வழியில் உங்களுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. விற்பது ஒரே பொருள், தலையாட்டி பொம்மை. 60 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிறீர்கள். ஒரு பொம்மைக்கு 40 ரூபாய் லாபம்.

பொம்மை செய்பவர் அதே ஊர்தான். ஆனாலும் கேட்டவுடன் கிடைக்காது. அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்து, வண்ணம் பூசி, அதையும் காயவிட்டுத்தான் கொடுப்பார். ஒரு வாரக் கடைசியில் ஆர்டர் கொடுத்தால் அடுத்த வாரம் முழுக்க அங்கே வேலை நடக்கும். அதற்கடுத்த வாரம் காலையில் உங்கள் கடைக்குச் சரக்கு வரும். அதாவது 1ஆம் வாரக் கடைசியில் சொன்னது 3ஆம் வாரம் காலையில் வந்து சேரும்.

ஐந்து பேர் ஒரு கடை. முதலாளி ஆர்டரை முடிவு செய்வார். கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவார். ஒருவர் விற்பனை, ஒருவர் சரக்கு. ஐந்தாமவர் வாடிக்கையாளர். அவர் பக்கத்துக் கடையில் போய் நின்று, "அண்ணே, தலையாட்டி பொம்மை இருக்கா?" என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் விற்பவர் அவர் முகத்தைப் பார்த்து "தீர்ந்துபோச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது; அது பொம்மையின் வேலை.

ஒரு புளியங்கொட்டை ஒரு பொம்மை. ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு கடையிலும் 20 கொட்டை இருக்கும்.

ஒவ்வொரு வாரமும் இந்த வரிசையில் நடக்கும்:

1. காலையில், அந்த வாரம் வரவேண்டிய சரக்கைக் கடைக்குள் சேர்க்கவும்.
2. ஆசிரியர் இரண்டு பகடைகளை உருட்டுவார். கூட்டுத்தொகைதான் அந்த வாரம் பொம்மை கேட்டு வருபவர்களின் எண்ணிக்கை. எல்லாக் கடைகளுக்கும் ஒரே எண்.
3. இருக்கும் வரை விற்கவும். கிடைக்காமல் திரும்பியவர்களை எண்ணி எழுதவும்.
4. மீந்த பொம்மைகளை எண்ணவும். ஒவ்வொன்றுக்கும் 2 ரூபாய் இருப்புச் செலவு.
5. அடுத்த கடைக்குத் தெரியாமல் ஆர்டரை முடிவு செய்யவும். ஆர்டர் செய்த கொட்டைகளை ஒரு காகிதத்தில் வைத்து, வந்து சேரும் வாரத்தின் எண்ணை அதன்மேல் எழுதி, மேசை ஓரத்தில் வைக்கவும்.

பொம்மைகள் ஆறு ஆறாக அடுக்கிய பெட்டிகளில்தான் வரும். 6, 12, 18 என்று எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரு பெட்டியானாலும் ஐந்து பெட்டியானாலும் ஒரு தடவைக்கு ஆட்டோ வாடகை 50 ரூபாய். ஆர்டர் கொடுக்கும் வாரத்திலேயே அதைச் செலவில் எழுதிவிட வேண்டும்.

இருப்புச் செலவு என்றால் அலமாரி வாடகை மட்டும் இல்லை. பொம்மையில் முடங்கிய பணத்துக்கான வட்டி, தூசு தட்டும் கூலி, கை தவறி உடைவது, வண்ணம் மங்குவது எல்லாம் அந்த 2 ரூபாயில் அடக்கம். கிடைக்காமல் திரும்பும் ஒவ்வொருவருக்கும் 20 ரூபாய் அபராதம். அடுத்த தடவை அவர் நேராக எதிர்க்கடைக்குத்தான் போவார், அதற்காக.

மொத்தம் 12 வாரம். கடைசியில் மீந்துபோன பொம்மைகளைத் தலா 30 ரூபாய்க்குத் தள்ளிவிட வேண்டும், ஒவ்வொன்றிலும் 30 ரூபாய் நஷ்டம். அதையும் கழித்தபின் யாரிடம் அதிக லாபம் நிற்கிறதோ அவர்கள் வென்றார்கள்.

பேரேடு எழுதும் முறை

ஒரு கடையின் முதல் ஐந்து வாரங்கள் இவை. இந்தக் கடையை நன்றாகப் பார்த்து வையுங்கள், பிறகு இதே கணக்குக்குத் திரும்ப வருவோம்.

| வாரம் | தொடக்க இருப்பு | வந்தது | கேட்டவர்கள் | விற்றது | திரும்பியவர்கள் | முடிவு இருப்பு | ஆர்டர் | வார லாபம் (ரூ.) |
|---|---|---|---|---|---|---|---|---|
| 1 | 20 | 0 | 8 | 8 | 0 | 12 | 0 | 296 |
| 2 | 12 | 0 | 5 | 5 | 0 | 7 | 18 | 136 |
| 3 | 7 | 0 | 11 | 7 | 4 | 0 | 18 | 150 |
| 4 | 0 | 18 | 9 | 9 | 0 | 9 | 0 | 342 |
| 5 | 9 | 18 | 4 | 4 | 0 | 23 | 0 | 114 |

3ஆம் வாரத்தை மட்டும் விரித்துப் பார்ப்போம். விற்றது 7, லாபம் 280. திரும்பியவர்கள் 4, அபராதம் 80. ஆட்டோ 50. கடை காலி என்பதால் இருப்புச் செலவு இல்லை. 280 − 80 − 50 = 150.

ஐந்து வாரத்தில் மொத்தம் 1,038 ரூபாய்.

ஆசிரியருக்கு

நாற்பது பேர் வகுப்பென்றால் எட்டுக் கடைகள். 45 நிமிடப் பாடவேளைகள் மூன்று தேவை. முதல் நாள் 6 வாரம், இரண்டாம் நாள் 6 வாரம், மூன்றாம் நாள் கணக்கும் பேச்சும். முதல் இரண்டு வாரம் இழுக்கும், அப்புறம் வேகம் பிடித்துவிடும். முதல் நாள் முடிவில் கொட்டைகளை ஒவ்வொரு கடையும் ஓர் உறையில் போட்டு, கடையில் இருந்தது எத்தனை, வரவிருப்பது எத்தனை என்று மேலே எழுதித் தரட்டும்.

ஒவ்வொரு கடையும் தனித்தனியாகப் பகடை உருட்டக் கூடாது. அப்படிச் செய்தால் தோற்றவர்கள் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லித் தப்பித்துவிடுவார்கள். எண் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், வித்தியாசம் முழுக்க ஆர்டரில் இருந்துதான் வந்தது என்று தெரியும். சூத்திரம் எதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

5ஆம் வாரக் கடைசியில், ஆர்டர் முடிவு செய்யும் முன், இதை அறிவியுங்கள்: "ஐப்பசி வருகிறது. ராஜராஜன் சதய விழாவும் தீபாவளியும் சேர்ந்து 9, 10ஆம் வாரங்களில் கூட்டம் அதிகம். அந்த இரண்டு வாரமும் மூன்று பகடைகள் உருட்டுவேன்."

6ஆம் வாரக் கடைசியில், அதே நேரத்தில்: "வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. வெயில் இல்லை, பொம்மை காயவில்லை. இப்போது முதல் கொடுக்கும் ஆர்டர், இடையில் இரண்டு வாரம் போன பிறகுதான் வரும். 9ஆம் வாரக் கடைசியில் கொடுப்பதே இறுதி ஆர்டர்."

அதாவது 6ஆம் வாரக் கடைசியில் சொன்னது 9இல் வரும், 7இல் சொன்னது 10இல் வரும். 9ஆம் வாரக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஐந்து பெட்டி கேட்கும் கடைக்கு அந்தச் சரக்கு 12ஆம் வாரம் காலையில் வந்து இறங்கும், விழாப் பந்தலைப் பிரித்த பிறகு. அதைத் தடுக்க வேண்டாம். மேசையில் 30 புளியங்கொட்டை குவிந்து கிடப்பதை அவர்களே பார்க்கட்டும்.

மூன்றாம் நாள்: பேச்சு

பரிசு யாருக்கு என்பதை முதலிலேயே அறிவித்து முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாடம் யார் காதிலும் ஏறாது. அப்புறம் மேலே உள்ள பேரேட்டைக் கரும்பலகையில் எழுதி, ஒரு கேள்வி: இந்தக் கடை எங்கே சறுக்கியது?

பெரும்பாலும் "3ஆம் வாரம்" என்பார்கள், நாலு பேர் வெறுங்கையோடு திரும்பியது அப்போதுதானே. உண்மையில் சறுக்கியது 1ஆம் வாரம். கையில் 12 இருக்கிறது, போதும் என்று சும்மா இருந்தார்கள். அந்தச் சமயத்தில் கொடுக்காத ஆர்டருக்கான விலையை இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தார்கள். பிறகு 3ஆம் வாரம் காலி அலமாரியைப் பார்த்துப் பதறி இன்னொரு 18 கேட்டார்கள். ஏற்கெனவே 18 பொம்மை அங்கே காய்ந்துகொண்டிருந்தது அவர்கள் நினைவில் இல்லை. அதனால் 3ஆம் வாரம் காலி, 5ஆம் வாரம் 23 தேக்கம். கடைக்கணக்கில் இந்த இரண்டு துன்பமும் பெரும்பாலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இப்போது அதே எண்களை வேறு விதமாக ஓட்டுங்கள். கடையில் உள்ளதையும் வரவிருப்பதையும் சேர்த்து எண்ணி, 18க்குக் கீழே போனால் மட்டும் மூன்று பெட்டி. அப்போது 1ஆம் வாரக் கடைசியில் ஓர் ஆர்டர், 3இல் ஓர் ஆர்டர். முடிவு இருப்பு முறையே 12, 7, 14, 5, 19. ஒருவரும் திரும்பவில்லை, லாபம் 1,266. இரண்டு கடையும் இரண்டே ஆர்டர்தான் கொடுத்தன, இரண்டும் 18தான். இடையில் 228 ரூபாய் வித்தியாசம்.

18 எங்கிருந்து வந்தது? இன்றைக்கு ஆர்டர் கொடுக்காமல் விட்டால் அடுத்த வாய்ப்பு ஒரு வாரம் கழித்து, அதன் சரக்கு வர இன்னும் ஒரு வாரம். ஆக இருப்பது இரண்டு வாரத்துக்குத் தாங்க வேண்டும். சராசரி 14 போதும். ஆனால் நான்கு பகடை உருட்டினால் கூட்டுத்தொகை 18ஐத் தாண்டுவது 1,296இல் 126 தடவை, ஏறத்தாழப் பத்தில் ஒன்று. 14க்கு மேல் வைக்கும் அந்த நாலுதான் காப்பு இருப்பு. மழை வந்து மூன்று வாரம் தாங்க வேண்டும் என்றால் எவ்வளவு என்பதை அவர்களே போடட்டும்.

ஒரு தடவைக்கு எத்தனை வாங்குவது சிக்கனம் என்பதற்கு 1913இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கொடுத்த வழி இது: ஓர் ஆர்டரின் செலவையும் தேவையையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, இருப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நம் கடைக்கு:

√(2 × 50 × 7 ÷ 2) = √350 ≈ 18.7

கிட்டத்தட்ட மூன்று பெட்டி. ஆட்டோ வாடகையும் இருப்புச் செலவும் சேர்த்து, ஒரு தடவைக்கு 6 வாங்கினால் வாரத்துக்குச் சராசரியாக 64 ரூபாய், 12க்கு 41, 18க்கு 37, 24க்கு 39, 42க்கு 50. இந்த எண்களை ஒரு வளைகோடாக வரையச் சொல்லுங்கள். அடிப்பகுதி தட்டையாக இருக்கும். 18க்குப் பதில் 12 வாங்கினாலும் 24 வாங்கினாலும் இழப்பு வாரத்துக்கு நாலு ரூபாய்க்குள். திரும்பிப்போகும் ஒரே ஒரு வாடிக்கையாளரோ அபராதம் 20, விட்டுப்போன லாபம் 40, ஆக 60 ரூபாய். அந்த 40 பேரேட்டில் எங்கேயும் எழுதப்படவில்லை என்பதையும் கவனிக்க வைக்கவும். எத்தனை என்பதில் மண்டையை உடைத்துக்கொண்டு, எப்போது என்பதைக் கோட்டைவிடும் கடைகள் வகுப்பில் நிச்சயம் இருக்கும்.

யாராவது கெட்டிக்காரப் பிள்ளை, 60 ரூபாய்ப் பொருளுக்கு வாரம் 2 ரூபாய் அநியாயமில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாடநூல்களில் வழக்கமாகச் சொல்வது ஆண்டுக்குப் பொருளின் மதிப்பில் 20 முதல் 30 சதவீதம். 25 என்று வைத்தால் ஆண்டுக்கு 15 ரூபாய், வாரத்துக்கு 30 பைசாகூட இல்லை. பன்னிரண்டே வாரத்தில் உறைக்க வேண்டும் என்றுதான் கூட்டி வைத்திருக்கிறோம்.

நேரம் இருந்தால் 1983 கிறிஸ்துமஸ் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவில் கேபேஜ் பேட்ச் கிட்ஸ் பொம்மைக்குக் கடைகளில் தள்ளுமுள்ளு, அடிதடி. கேட்ட அளவுக்குச் சரக்கு இல்லை. சில ஆண்டுகளில் மோகம் அடங்கியது. தயாரித்த கோலெகோ நிறுவனம் 1988இல் திவால் மனு கொடுத்தது. அதன் கணினித் தொழில் நஷ்டம் போன்ற வேறு காரணங்களும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எழுதித் தர வேண்டியவை (கடைக்கு ஒரு தாள், அடுத்த திங்கட்கிழமை)

உங்கள் பேரேட்டில் மிக மோசமான வாரம் எது? அதற்குக் காரணமான முடிவை எந்த வாரத்தில் எடுத்தீர்கள்?

ஆட்டோ வாடகை 50இலிருந்து 200 ஆனால் சிக்கனமான ஆர்டர் அளவு நாலு மடங்காகுமா? கணக்குப் போட்டுக் காட்டவும்.

உங்கள் தெருவில் ஒரு கடைக்காரரிடம், எந்தப் பொருளைத் தீர்ந்துபோக விடவே மாட்டார், எதைத் தீர்ந்தால் தீரட்டும் என்று விடுவார் எனக் கேட்டு, அவர் சொன்ன காரணத்தை அவர் சொன்னபடியே எழுதவும். வியாபார நேரத்தில் போய் நிற்க வேண்டாம், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போகவும்.