கும்பகோணம் பங்காளிகளுக்கு, மன்னார்குடியிலிருந்து

பங்காளிகளே, கபடியில் 31-30! வாழ்த்துகள், நல்லா ஆடி ஜெயிச்சீங்க.

கடைசி ரெய்டில் எங்க பையன் போனஸ் கோட்டைத் தாண்டினான், அதுக்குப் புள்ளி தரலைன்னு எங்க ஆளுங்க சிலர் ராத்திரி முழுக்க எழுதிட்டு இருந்தாங்க. அவங்களுக்கும் சேர்த்தே சொல்றேன்: களத்தில் ஆறு பேராவது தடுக்க நின்னால்தான் போனஸ். உங்க பக்கம் நின்னது மூணே பேர். மூணு பேர் நின்னு பிடிச்சா சூப்பர் டேக்கிள், ரெண்டு புள்ளி. நடுவர் தீர்ப்பு சரிதான், அவரைத் திட்டுவதை நிறுத்துங்கப்பா.

அந்த இடது ஓரத்துப் பையன் இருக்கானே, முழங்கால் மண்ணில் உரச, எங்க ஆள் திரும்பும் வரை பொறுத்திருந்து கணுக்காலைப் பிடிச்சான் பாருங்க, அது தனி அழகு. பிடிச்சதும் கத்தாமல் எங்க பையனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். அவனுக்கு எங்க ஊர்க் கைதட்டலைச் சொல்லிடுங்க.

ஆனா ஒண்ணு, முதல் பாதியில் உங்களை ஆல் அவுட் ஆக்கினோமே, அந்த வீடியோவை மட்டும் ஏன் யாரும் போடலை? கும்பகோணத்தில் அந்த நேரம் நெட் கிடைக்கலையா? வெத்தலையும் டிகிரி காபியும் உங்களுது, ஒத்துக்கறோம். கோப்பையை மட்டும் பத்திரமா துடைச்சு வைங்க, எடுக்க வர்றோம்.

பொங்கல் முடிஞ்சு எங்க மண்ணில் ஆட்டம். நீடாமங்கலம் தாண்டியதும் போன் பண்ணுங்க, சாப்பாடு எங்க பொறுப்பு. அந்த இடது ஓரத்துப் பையனுக்கு ரெண்டு இலை போடறோம், வயிறு நிறைஞ்சா கொஞ்சம் மெதுவா ஓடுவான்ல!