வளரறி மதிப்பீடும் தொகுத்தறி மதிப்பீடும்: நான்காம் ஆண்டுப் பின்னப் பாடத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் தொழில்முறைக் கற்றல் குழுவுக்கான பயிற்சித்தாள்

2021இல் யூபிஎஸ்ஆர் நீக்கப்பட்ட பிறகு வகுப்புசார் மதிப்பீட்டின் பொறுப்பு முழுவதும் வகுப்பாசிரியர் மேல் வந்து விழுந்தது. 2022/2023 கல்வியாண்டில் யூஏஎஸ்ஏ எனும் ஆண்டிறுதித் தேர்வும் சேர்ந்துகொண்டது. இதனால் பல பள்ளிகளில் பயிற்சித்தாள், கேள்வி பதில், குழு வேலை எல்லாவற்றையும் பதிவுசெய்து கோப்பில் அடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. கோப்பு கனக்கிறது, ஆனால் நாளைக்கு யாருக்கு எதை மறுபடியும் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டால் அதில் பதில் இருப்பதில்லை. வளரறி மதிப்பீட்டைத் தொகுத்தறி மதிப்பீடு போல நடத்துவதுதான் காரணம்.

எது எது?

ஆசிரியர் அறையில் ‘ஃபொர்மாத்திஃப்’ என்று சொல்கிறோமே, அதுதான் வளரறி மதிப்பீடு. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மாணவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, அதற்கேற்பக் கற்பித்தலை மாற்றுவது அதன் வேலை. ‘சுமாத்திஃப்’ எனும் தொகுத்தறி மதிப்பீடு ஒரு தலைப்போ பருவமோ ஆண்டோ முடிந்தபின் மாணவர் எட்டிய நிலையைச் சொல்வது. பெற்றோருக்கும் அடுத்த ஆண்டு ஆசிரியருக்கும் அந்தத் தகவல் தேவை.

தாளின் வடிவம் இரண்டையும் பிரிப்பதில்லை. பத்துக் கேள்விகள் கொண்ட ஒரே புதிர்த்தாள் எதுவாகவும் இருக்கலாம். விடைகளைப் பார்த்து மறுநாள் பாடத்தை மாற்றினால் வளரறி. புள்ளியைப் பதிந்து அடுத்த தலைப்புக்குப் போய்விட்டால் தொகுத்தறி. எனவே, ‘இந்த விடைகளை வைத்து நான் என்ன முடிவெடுக்கப் போகிறேன்?’ என்ற கேள்வியைத் தாள் தயாரிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தத் தாளை அச்சிட வேண்டாம்.

மாதிரி வகுப்பு

நான்காம் ஆண்டு, கணிதம், 14 மாணவர்கள், 60 நிமிடம். நோக்கம்: பகுதி எண் வேறுபட்ட இரண்டு பின்னங்களைச் சேர்த்தல். தேவை: மாணவருக்கு 24 சென்டிமீட்டர் நீளமுள்ள காகிதப் பட்டை இரண்டு, சிறு வெண்பலகை, வகுப்பு முடிவில் எழுத ஒரு துண்டுச் சீட்டு. 24 என்ற நீளம் பாதி, கால், மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என எல்லாவற்றுக்கும் மீதமின்றிப் பிரியும். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர் என்பதால் அதிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம்.

*முதல் 10 நிமிடம்.* கேள்வி: “செம்பனைத் தோட்டத்தில் உரமிடும் வேலையில் காலையில் 1/2 பங்கும் மதியம் 1/4 பங்கும் முடிந்தன. மொத்தம் எவ்வளவு?” தெரிவுகள்: அ) 2/6, ஆ) 2/4, இ) 3/4. எல்லாரும் எழுதி, ஒரே நேரத்தில் பலகையைத் தூக்க வேண்டும். கைதூக்கச் சொன்னால் வழக்கமான நான்கு கைகள்தான் எழும்.

தவறான தெரிவு ஒவ்வொன்றும் ஒரு குழப்பத்தைக் காட்ட வேண்டும். 2/6 எழுதியவர் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியிருக்கிறார். 2/4 எழுதியவர் பகுதியை நான்காக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்திருக்கிறார். இருவருக்கும் ஒரே விளக்கம் போதாது. வாயில் வந்த எண்களைத் தெரிவுகளாகப் போட்டால் இந்தத் தகவல் கிடைக்காது.

இவ்வகுப்பில் 2/6 ஆறு பேர், 2/4 மூவர், 3/4 ஐவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தவறு மூன்றில் ஒரு பங்கு மாணவருக்கு மேல் இருந்தால் குழு பிரிக்காமல் முழு வகுப்புக்கும் மறுபடி கற்பிப்பதே நல்லது.

*அடுத்த 15 நிமிடம்.* முதல் பட்டையைப் பாதியாக மடித்து 1/2 பங்குக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். இரண்டாவது பட்டையில் 2/6 பங்குக்கு வண்ணம் தீட்டி முதல் பட்டையின் அருகே வைக்கட்டும். 12 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் 8 சென்டிமீட்டர்! “காலையில் பாதி வேலை முடிந்தது, மதியமும் வேலை செய்தோம், மொத்தம் பாதியைவிடக் குறையுமா?” என்று கேட்டு, பதில் சொல்லாமல் காத்திருங்கள். விதியைச் சொல்வதைவிட இந்த இரண்டு பட்டைகள் அதிகம் கற்பிக்கும். பிறகு முதல் பட்டையை நான்காக மடித்தால் 1/2 பங்கு 2/4 ஆவதைக் கண்ணாலேயே காண்பார்கள்.

*அடுத்த 25 நிமிடம்.* இணையராகப் பயிற்சி, 2/3 + 1/6 என்ற கணக்கில் தொடங்கி. தொடக்கத்திலேயே 3/4 எழுதிய ஐவருக்குச் சமப் பின்னங்களை வைத்துப் பிரச்சனைக் கணக்கு உருவாக்கும் வேலை. ஆசிரியர் சுற்றிவரும்போது “புரிகிறதா?” என்று கேட்க வேண்டாம், எல்லாரும் “புரிகிறது சார்” என்பார்கள். “ஏன் ஆறைப் பகுதியாக எடுத்தாய்?” என்று கேளுங்கள்.

*கடைசி 10 நிமிடம்.* துண்டுச் சீட்டில் ஒரே கணக்கு: 3/5 + 3/10. பத்துப் பேர் 9/10, இருவர் 6/10, இருவர் 6/15. புள்ளி போட வேண்டாம். கவினேஷ் 6/10 எழுதியிருந்தால் சீட்டில் இப்படி எழுதலாம்: “பகுதியை 10 ஆக்கியது சரி. 3/5 பங்கைப் பத்துக் கட்டத்தில் வரைந்தால் எத்தனை கட்டம் நிறையும்?” புள்ளியையும் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் மாணவர் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுவார். மறுநாள் முதல் பத்து நிமிடம் அந்த நால்வரோடு. மற்றவர்களுக்குத் திடப்படுத்தும் பயிற்சி.

பதிவு: நான்கு பெயர், இரண்டு வகைத் தவறு, பாடக்குறிப்பின் சிந்தனை மீட்சியில் இரண்டு வரி. அவ்வளவே. வீட்டுப்பாடத்தை ஆதாரமாக எடுக்கும்போது கவனம் தேவை. டியூஷனில் செய்துகொடுத்ததா, அக்கா செய்ததா என்று தெரியாது. வகுப்பில் கண்முன் செய்ததே நம்பத்தக்கது.

தலைப்பு முடிந்தபின்

இப்போதுதான் தொகுத்தறி மதிப்பீடு. 40 நிமிடம், பத்துக் கேள்வி: பகுதி ஒத்தவை 3, வேறுபட்டவை 4, பிரச்சனைக் கணக்கு 2, காரணம் கூறும் வழக்கமல்லாத கேள்வி 1. பயிற்சியில் வந்த எண்களையே மறுபடியும் போட்டால் மனனம்தான் வெளிப்படும். வேறுபட்ட பகுதிகளைக் கொண்ட கணக்குக்கு இரண்டு புள்ளி: பின்னத்தை மாற்றியதற்கு ஒன்று, விடைக்கு ஒன்று.

அடைவுநிலையை விழுக்காட்டிலிருந்து கணக்கிடுவது பரவலான பிழை. தர ஆவணத்தின் விளக்கங்களோடு மாணவரின் வேலையை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும். கணிதத்தில் அடைவுநிலை 3 அடிப்படைச் செயல்முறையை மேற்கொள்ளும் திறன், 4 வழக்கமான பிரச்சனைக்குத் தீர்வு காண்பது, 5 சிக்கலான வழக்கமான பிரச்சனை, 6 வழக்கமல்லாத பிரச்சனையை ஆக்கத்திறத்தோடு தீர்ப்பது. பத்துக்கு ஒன்பது சரி என்பதற்காக 6 தர முடியாது. ஒன்பதும் நேரடிக் கணக்குகளாக இருக்கலாம்.

கவினேஷின் முதல் நாள் சீட்டையும் தலைப்புத் தேர்வையும் சேர்த்துச் சராசரி எடுப்பதும் தவறு. முதல் நாள் தெரியாதிருந்தது கற்றலின் ஒரு கட்டம். அதற்காக அவருடைய நிலையைக் குறைத்தால், கற்றுக்கொண்டதற்குத் தண்டனை கொடுத்ததாகும். இப்போது அவரால் என்ன முடிகிறதோ அதையே பதிவுசெய்யுங்கள்.

தேர்வுத்தாளைத் திருப்பித் தரும் முன் கேள்விவாரியாக ஒரு கட்டம் வரையுங்கள்: மேலே கேள்வி எண், இடப்பக்கம் 14 பெயர், தவறுக்கு ஒரு கோடு. ஒரு நிரலில் ஆறு கோட்டுக்கு மேல் விழுந்தால் முதலில் கேள்வியின் சொற்களைச் சரிபாருங்கள். பிரச்சனைக் கணக்கில் பல நேரம் இடறுவது மொழிதான். சொற்கள் தெளிவாக இருந்தால் அந்தத் திறன் அடுத்த வாரக் குறைநீக்கல் நடவடிக்கைக்குப் போகட்டும்.