கொல்லத்து மாப்ளைக்கு தங்கச்சிமடத்துல ஒரு வரவேற்பு

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி முழுக்க பஸ்ல வந்திருக்குற சம்மந்தி வீட்டுக்காரங்க, ஃபாதர், நம்ம ஊர் பெரியவங்க எல்லாரும் வாங்க. நான் பொண்ணோட அண்ணன். மொதல்ல மாப்ள வீட்டுக்கு அவங்க பாஷையில பேசிடுறேன்.

கொல்லத்து நிந்நு வந்ந எல்லாவர்க்கும் ஸ்வாகதம். அளியா, இது அளியன்றெ ஸ்வந்தம் வீடாணு. விளிச்சு சோதிச்சிட்டு வரேண்ட காரியமில்ல, வாதில் எப்போழும் துறந்நு கிடக்கும். கொச்சியிலெ ஆசுபத்திரியில் அளியன் செய்தது ஞங்ஙள் ஆரும் மறக்கில்ல.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி கதைய சொல்லியே ஆகணும். அப்பாவுக்கு கொச்சியில நெஞ்சு ஆபரேஷன் நடந்தப்ப கல்யாணப் பேச்சே எடுக்கல, தங்கச்சியோட வேலை பாக்குற பையன்னு மட்டும்தான் தெரியும், நான் கடல்ல இருந்து கரையேறி மதுரை போயி ரயில் புடிச்சு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு, இவருதான் ரத்தம் குடுத்து, ஐசியு வாசல்ல உக்காந்து, அம்மாவுக்கு தூக்குவாளியில கஞ்சியும் பயறும் கொண்டாந்திருக்காரு. அம்மா வேணாம்னு அழுதப்ப பக்கத்துல தரையில உக்காந்து அவரும் அதே கஞ்சிய குடிச்சு, அம்மா குடிக்கிற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. அப்ப இவருக்கு தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மலையாளம் இன்னைக்கும் தெரியாது. வேத்து பாஷைக்காரனுக்கு பொண்ணு குடுக்குறீங்களேன்னு கேட்டவங்களுக்கெல்லாம் அம்மா இந்த கஞ்சியத்தான் சொன்னாங்க.

மாப்ள, ஒரு கணக்கு சொல்றேன் கேளுங்க. இங்க தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், அதான் போட்டெல்லாம் கரையில கெடக்கு, ஊரே கல்யாணத்துல நிக்குது. உங்க பக்கம் ஜூன் 9 ராத்திரியில இருந்து ஜூலை 31 வரைக்கும் மூடிருவாங்க. அங்க மூடுனா இங்க தொறந்துரும், அதனால வருஷா வருஷம் ஜூன் கடைசியில தங்கச்சிய கூட்டிட்டு வந்துருங்க. வடகடல்ல இல்லனா தென்கடல்ல, உங்களுக்கு கணவாயும் நண்டும் கொண்டாந்து போடுறது என் பொறுப்பு.

இனி அளியன்றெ அம்மையோடு. அம்மே, இவள் ஞங்ஙளுடெ ஒரே பெங்ஙளாணு, இனி அம்மயுடெ மோளாணு. பிணங்ஙிக் கிடந்நால் வழக்கு பறயருது, மீன்கறியுடெ மணம் அடிச்சால் மதி, தானெ எணீச்சு வந்நோளும்.

தங்கச்சி, நீ அழாத. அங்க போனதும் அவங்க பாஷையிலயே பேசு, ஆனா தெனமும் ராத்திரி அம்மாகிட்ட போன்ல பேசணும். நாளைக்கு பிள்ளைங்க பொறந்தா ரெண்டு பாஷையும் பேசணும், அப்பாயி சொல்ற கதையும் அம்மாச்சி சொல்ற கதையும் அதுகளுக்கு புரியணும், இது மாப்ளைக்கும் சேத்துதான் சொல்றேன்.

நம்ம ஊர் மல்லிகை நாத்து கட்டு பஸ்ல ஏத்தியாச்சு, போனதும் ஈரம் காயுறதுக்குள்ள நட்டுருங்க. ஊணு ரெடியாயி, எல்லாவரும் வரணம். பந்தி போட்டாச்சு, சம்மந்தி வீட்டுக்காரங்க மொதல்ல உக்காருங்க.