ஜாடிக்குள் அணைந்த சுடர்

கயல், ஜாடியைக் கவிழ்த்ததும் மெழுகுவர்த்தி அணைந்ததற்கு நான் ரகசியமாக ஊதியதுதான் காரணம் என்று நினைக்கிறாய். நான் ஊதவே இல்லை, அம்மா. மின்சாரம் வரும்வரை நமக்கு வேறு வேலையும் இல்லை. ஆகவே சோழவந்தானில் நான் உன் வயதுப் பையனாக இருந்தபோது பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பின்னால், நெடுநாள் இறைக்காமல் கிடந்த கிணறு ஒன்று இருந்தது. ஒரு கோடையில் அதைத் தூர்வார ஆட்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் யாரையும் இறங்க விடாமல், அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி, மெல்ல மெல்ல உள்ளே விட்டார். பாதி ஆழம்வரை நிமிர்ந்து எரிந்த சுடர், அடியை நெருங்கியதும் சுருங்கி, நீலப் பொட்டாகி, இல்லாமலே போய்விட்டது. அன்று ஒருவரும் கிணற்றில் இறங்கவில்லை. "அடியிலே கெட்ட காற்று நிற்கிறது, சாமி" என்றார் என் அப்பத்தா. (விளக்கு எரிந்தால் கிணறு பத்திரம் என்று எண்ணிவிடாதே, சில நச்சு வாயுக்களை விளக்கு காட்டிக்கொடுக்காது.)

காற்று எப்படிக் கெடும் என்று அன்று நான் கேட்கவில்லை. நீ இன்று கேட்டுவிட்டாய்.

முதலில், எரிவது எது என்று பார். திரிதான் எரிகிறது என்றால், அந்தச் சிறு நூல் நொடியில் கருகித் தீர்ந்திருக்கும். சூட்டில் உருகிய மெழுகு திரி வழியாக மேலே ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. இதோ, அணைந்த திரியிலிருந்து வெள்ளை நூல்போல் எழும் புகையில் தீக்குச்சியைக் காட்டுகிறேன். திரியைத் தொடுவதற்கு முன்பே தீ புகை வழியாக இறங்கிப் பற்றிக்கொண்டது, பார்த்தாயா? தீக்குச்சி என் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும். அது நம் ஒப்பந்தம்.

அந்த மெழுகாவி எரிவதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்றை நூறு பங்காகப் பிரித்தால் ஏறத்தாழ 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். மெழுகிலுள்ள கரி ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகிறது. மெழுகிலுள்ள ஹைட்ரஜன் அதே ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஜாடியின் உட்புறம் விரலால் கோடு போடுகிற அளவுக்கு மங்கியிருக்கிறதே, அது தீ உண்டாக்கிய தண்ணீர்தான்.

இங்கேதான் பெரியவர்களே தடுக்கி விழுகிறார்கள். ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்ததால் சுடர் அணைந்தது என்பார்கள். அப்படி இல்லை. 21 பங்கு ஏறக்குறைய 16 பங்காகக் குறையும்போதே மெழுகுவர்த்தி தளர்ந்துவிடுகிறது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நமக்குத் தெரிந்தவர்கள் குறையக் குறைய அவர்கள் எதிர்ப்படுவதும் அரிதாவதுபோல, மெழுகாவிக்கு ஆக்சிஜன் அகப்படுவது அரிதாகிறது, எரிவது மெதுவாகிறது, பிறக்கிற சூடும் குறைகிறது. சுற்றிலும் இருக்கிற நைட்ரஜனும் கரியமில வாயுவுமோ எரிவதற்கு உதவாமல், இருக்கிற சூட்டையும் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. வரவைவிடச் செலவு மிஞ்சியதும் சுடர் குளிர்ந்து அணைகிறது. பெரிய ஜாடியைக் கவிழ்த்தால் கூடுதல் நேரம் எரிவதும் இதனால்தான்.

இப்போது பந்தயம். நெட்டை ஒன்று, குட்டை ஒன்று என இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி, அப்பத்தாவின் பழைய ஊறுகாய் ஜாடியால் இரண்டையும் சேர்த்து மூடுகிறேன். எது முதலில் அணையும்? கிணற்றை நினைத்துக்கொண்டு குட்டை என்கிறாய். கெட்டிக்காரத்தனமான விடைதான். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது; அது குளிர்ந்து கிடக்கும் கிணற்றில் அடியில்தான் தேங்கும். ஆனால் இங்கே அது சுடரிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் புறப்படுகிறது. சூடான வாயு விரிந்து இலேசாகி, இட்லிக் குண்டானின் ஆவி மூடியை முட்டுவதுபோல, நேரே ஜாடியின் உச்சிக்கு ஏறி அங்கிருந்து கீழ்நோக்கி நிரம்புகிறது.

எண்ணிக்கொண்டே வா. ஏழு, எட்டு, ஒன்பது... நெட்டையின் சுடர் சுருங்குகிறது. அதோ, அணைந்துவிட்டது; குட்டை இன்னும் எரிகிறது. ஜாடியைத் தொடாதே, உச்சி சுடும்.