அளவியல் பயிற்சித்தாள்: 10ஆம் வகுப்பு, மாட்டுங்கா மாலை வகுப்பு

π = 22/7; 2ஆம் கணக்கில் மட்டும் 3.14.

1. தாராவி வீடொன்றின் உருளைத் தொட்டியின் ஆரம் 70 செ.மீ., உயரம் 1 மீ. எத்தனை லிட்டர் கொள்ளும்? (அலகைக் கவனிக்கவும், போன வாரம் பாதிப்பேர் சறுக்கியது இங்கேதான்.)

2. சௌபாத்தி பேல்பூரிக்கான காகிதக் கூம்பு: ஆரம் 5 செ.மீ., உயரம் 12 செ.மீ. வளைபரப்பு காண்க. சாயுயரம் முதலில்!

3. ஆரம் 12 செ.மீ., உயரம் 10 செ.மீ. கொண்ட உருளைப் பாத்திரம் நிறைய லட்டு மாவு. 3 செ.மீ. ஆரமுள்ள லட்டுகள் எத்தனை? (தின்றது கணக்கில் சேராது.)

4. உருளைமேல் அரைக்கோளம் பொருந்திய திண்மப் பொம்மை. பொது ஆரம் 7 செ.மீ., உருளை உயரம் 10 செ.மீ. மொத்தப் புறப்பரப்பும் கன அளவும் காண்க. ஒட்டிய வட்டம் வெளியே தெரியாது; அதைக் கூட்டாதீர்கள். அடிவட்டத்தை விடாதீர்கள்.

விடைகள்: 1540 லிட்டர்; 204.1 ச.செ.மீ.; 40; 902 ச.செ.மீ., ஏறத்தாழ 2258.67 க.செ.மீ.