நவம்பர் 21 டீலர் மீட்டிங்: ஹால் கொட்டேஷன் வேணும்

வணக்கம் அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் போன்ல பேசினேன்லா, மார்த்தாண்டம் ரப்பர் கம்பெனி அட்மின்ல இருந்து. வெவரம் எல்லாத்தையும் எழுதி அனுப்புங்கன்னு சொன்னீங்க, அதான் அனுப்புறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுமையா படிச்சுக்கிடுங்க.

தேதி 2026 நவம்பர் 21, சனிக்கிழமை. காலைல ஒன்பதரைக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் நாலரைக்கு முடிச்சுருவோம், வெளியூர்க்காரங்களுக்கு அஸ்தமனம் பாக்க டைம் வேணும்னு எங்க முதலாளி சொல்லிட்டாங்க. பேனர், ஸ்டால் எல்லாம் கட்டணும், அதனால முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணில இருந்து ஹால் எங்க கைல வேணும். அன்னைக்கு உங்களுக்கு கல்யாண ரிசப்ஷன் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க, தேதிய 28க்கு மாத்த முடியாது, அதுக்குள்ள கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா ஆரம்பிச்சுரும், எங்க ஆளுங்க பாதிப்பேர் வரமாட்டாங்க.

மொத்தம் 140 பேரு. டீலருங்க 96, எங்க ஸ்டாஃப் 32, விருந்தாளிங்க 12. இதுல 130க்கு கேரண்டி எழுதித் தரலாம், கடைசி எண்ணிக்கைய நவம்பர் 16 திங்கக்கிழமை சொல்லிருவேன், அதுக்கு மேல பத்து பேரு கூடினா குறைஞ்சா ஒரு தலைக்கு என்ன ரேட்டுன்னும் போட்டு அனுப்புங்க.

சீட்டிங்தான் அண்ணாச்சி எனக்கு ரொம்ப முக்கியம். காலைல கிளாஸ்ரூம் மாதிரி வேணும், ஏன்னா புது பிராடக்ட் பத்தி கிளாஸ் எடுக்காங்க, எல்லாரும் எழுதணும், சாம்பிள கைல வாங்கி மேசைல வச்சுப் பாக்கணும். ஆறடி மேசைக்கு மூணு பேருன்னா 128 பேருக்கு 43 மேசை வருது, விருந்தாளிங்களுக்கு முன்னால சோஃபா போதும். மத்தியானத்துக்கு மேல வட்ட மேசை, எட்டு பேரா 16 மேசை, ஏரியா வாரியா உக்காந்து பேசுவாங்க. சாப்பாட்டு நேரத்துல ஒரு மணி நேரத்துக்குள்ள உங்க ஆளுங்க இத மாத்திருவாங்களா, இல்ல பக்கத்துல இன்னொரு ஹால் தருவீங்களா? எது சல்லிசா வருமோ அத சொல்லுங்க. உங்க போர்டுல 300 பேருன்னு போட்டிருக்கே, அது வெறும் சேர் போட்ட கணக்கா மேசையோட உள்ள கணக்கான்னும் தெளிவா சொல்லணும், மேசை போட்டா இடம் பாதியாயிரும்லா. ஹாலோட நீள அகலமும் தூண் எங்க நிக்குன்னும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்புனா போதும்.

சாப்பாடு. காலைல பதினொண்ணுக்கு டீயும் பழம்பொரியும், நாலு மணிக்கு டீ, ரசவடை. மத்தியானம் இலை போட்டு விளம்பணும், பஃபே வேண்டாம், நம்ம ஊருக்கு வந்தவங்கள தட்டு ஏந்தி வரிசைல நிக்க வைக்க மனசு வரல. பருப்பு, சாம்பார், புளிசேரி, அவியல், எரிசேரி, தொவரன், அடைப்பிரதமன், கூட மட்டிப்பழம். இது எல்லாருக்கும் பொது. அதுல 80 பேருக்கு மட்டும் தேங்கா அரைச்ச மீன்கொழம்பும் மீன் பொரிச்சதும் வேணும், என்ன மீன், ஒரு துண்டு என்ன எடைன்னு எழுதுங்க. மத்த 60 பேரு சைவம். அப்ப கார்த்திகை பொறந்துரும், மாலை போட்ட டீலருங்க நெறய பேரு வருவாங்க, அதனால சைவத்துக்கு அடுப்பும் பாத்திரமும் விளம்புற ஆளும் தனியா இருக்கணும், பந்தியும் தனி. இதுல ஒரு சின்ன தப்பு நடந்தாலும் அவங்க மனசு நோகும், அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

திருவனந்தபுரம், கொல்லம் பக்கத்து டீலருங்க 22 பேருக்கு 20ஆம் தேதி ராத்திரி ரூம் வேணும், ரெண்டு பேருக்கு ஒண்ணா 11 ரூம், கூட விருந்தாளிக்கு ரெண்டு. காலை டிபனோட ரேட் சொல்லுங்க. சபரிமலை சீசன் ஆரம்பிச்சுட்டா கன்னியாகுமரில ரூம் கெடைக்காது, அதான் இப்பவே கேக்கேன்.

ஒரு காரியம் மனசு விட்டு சொல்லுறேன். போன வருசம் வேற ஒரு எடத்துல வச்சோம், சாப்பாடு ரேட்டு மட்டும் பேசிட்டு பில்லுல கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கிளீனிங், மைக்குன்னு தனித்தனியா சேத்துட்டாங்க, ஆபீஸ்ல பதில் சொல்ல முடியாம நான் ரொம்ப கஷ்டப்பட்டேன். அதனால வாடகை, ஏசி, கரண்ட், ஜெனரேட்டர், புரொஜெக்டர், ரெண்டு கார்ட்லெஸ் மைக், 20க்கு 12 அடி மேடை, கிளீனிங், ரெண்டு பஸ்ஸும் 30 காரும் நிக்க பார்க்கிங், எல்லாத்தையும் வரி வரியா எழுதி, ஜிஎஸ்டி எத்தன சதவீதம்னு தனியா காட்டி, கடைசில ஒரே தொகையா குடுங்க. மழைக்காலம், கரண்ட் போனா எத்தன நிமிசத்துல ஜெனரேட்டர் எடுக்கும், ஏசியும் அதுல ஓடுமான்னும் வேணும். அட்வான்ஸ் எவ்வளவு, ஏதாவது காரணத்தால தள்ளிப்போனா எவ்வளவு திருப்பித் தருவீங்கன்னும் எழுதிருங்க.

வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர்ஹெட்ல கையெழுத்து போட்டு அனுப்புங்க அண்ணாச்சி, சனிக்கிழமை காலைல நானும் அக்கவுண்ட்ஸ் சாரும் நேர்ல வந்து ஹாலையும் சமையல்கட்டையும் பாக்கோம். ஏதும் கேக்கணும்னா இந்த நம்பர்லயே கூப்பிடுங்க, ராத்திரி ஒன்பது வரைக்கும் எடுப்பேன்.