14-07-2025 நெஃப்ட் ரூ. 1,50,000: எந்தெந்த பில்லுக்கு, இன்னும் பாக்கி எவ்வளவு

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். மார்த்தாண்டத்திலிருந்து ஷீலா எழுதுகிறேன், தேன் பதனிடும் நிலையத்தின் கணக்குப் பிரிவு. திங்கட்கிழமை, ஜூலை 14 அன்று, உங்கள் நடப்புக் கணக்குக்கு நெஃப்ட்டில் ரூ. 1,50,000 அனுப்பியிருக்கிறோம். யுடிஆர் எண் IOBAN25195318642. பேங்க் ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஒரே பணமாக, அதுவும் முழுத் தொகையாக வந்ததால் எதற்கு எவ்வளவு என்று உங்கள் பக்கம் தெரிய வழியில்லை. நேற்று உங்கள் ஆபீஸ் தம்பியிடம் பேசியபோது, முதலில் 31-ஆம் நம்பர் பில்லை முழுதாக அடைத்துவிட்டு மீதியை மற்றதில் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அப்படி வேண்டாம் அண்ணாச்சி. நாங்கள் எங்கள் கணக்கில் போட்டிருப்பது கீழே உள்ளபடி. உங்கள் லெட்ஜரிலும் இதேபோல வரவு வைக்கச் சொல்லுங்கள்.

இந்த ரூ. 1,50,000 எதற்கெல்லாம்:

பில் 412/24-25, தேதி 11-02-2025, அரைக்கிலோ பாட்டில் லேபிள் 10,000. பில் தொகை ரூ. 28,320. இதில் மார்ச் 10 அன்று அனுப்பிய ரூ. 20,000 போக மீதி ரூ. 8,320. இதோடு பில் முடிந்தது.

பில் 431/24-25, தேதி 24-02-2025, அரைக்கிலோ 12 பாட்டில் பெட்டி, ஐந்தடுக்கு அட்டை, 1,200. முழுத் தொகை ரூ. 47,040. முடிந்தது.

பில் 458/24-25, தேதி 17-03-2025, கால்கிலோ 24 பாட்டில் பெட்டி 900. பில் தொகை ரூ. 38,304. லாரி வாடகை ரூ. 650 கழித்து ரூ. 37,654. முடிந்தது.

பில் 7/25-26, தேதி 05-04-2025, ஒரு கிலோ லேபிளும் மூடி சீலும். முழுத் தொகை ரூ. 19,470. முடிந்தது.

பில் 31/25-26, தேதி 29-04-2025, அரைக்கிலோ 12 பாட்டில் பெட்டி 1,200. பில் தொகை ரூ. 47,040. இதற்கு இப்போது ரூ. 37,516 மட்டும். இந்த பில் முடியவில்லை.

கூட்டினால் சரியாக ரூ. 1,50,000 வரும்.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. 431-ம் 31-ம் ஒரே சரக்கு, ஒரே எண்ணிக்கை, ஒரே தொகை. நம்பரும் கேட்க ஒன்றுபோலவே இருக்கிறது. போனில் சொல்லும்போது முன்னால் இருக்கும் நானூறு காதில் விழாமல் போனால் 31 என்றுதான் எழுதுவார்கள். தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முழுதாக முடிந்தது பிப்ரவரி மாத பில், பாதியில் நிற்பது ஏப்ரல் மாத பில். இதை மட்டும் மாற்றிவிடக் கூடாது. இனிமேல் போனில் சொல்லும்போது நானும் நம்பரோடு தேதியையும் சேர்த்தே சொல்கிறேன்.

மொத்தப் பாக்கி எப்படியும் ஒன்றுதானே, எதில் போட்டால் என்ன என்று தோன்றலாம். எங்களுக்கு இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலாவது ஜிஎஸ்டி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், அந்த பில்லுக்கு நாங்கள் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். 412-க்கு அந்தக் கெடு ஆகஸ்ட் 10, 431-க்கு ஆகஸ்ட் 23. பழைய பில்லை முதலில் முடிக்க வேண்டும் என்று நாங்கள் வரிசை பிடித்து அனுப்பியது இதற்காகத்தான். 31-க்கு அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. உங்கள் லெட்ஜரில் 431 திறந்து கிடந்தால், நாளைக்கு யாராவது கேட்கும்போது பணம் கட்டவில்லை என்று உங்கள் புத்தகமே சொல்லும்.

இரண்டாவது வருமான வரி. உங்கள் பில்லில் உத்யம் பதிவு எண் இருக்கிறது, நீங்கள் சொந்தமாக அச்சடித்துப் பெட்டி செய்யும் சிறு தொழில். அப்படிப்பட்டவர்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க விடுவார்கள். 43பி(எச்) என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்த விதி. 412-இன் மீதி, 431, 458 ஆகிய மூன்றும் போன நிதியாண்டு பில்கள். இவற்றுக்கு எந்தத் தேதியில் பணம் போனது என்று எங்கள் ஆடிட்டர் பில் வாரியாகக் கேட்டிருக்கிறார். உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்துப்போனால் ஒரு கேள்வியும் வராது.

மார்ச் 10 அன்று அனுப்பிய ரூ. 20,000 பற்றி ஒரு வார்த்தை. போன வாரம் நீங்கள் அனுப்பிய லெட்ஜரில் அது இருக்கிறது, ஆனால் எந்த பில்லோடும் சேராமல் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று தனியாக நிற்கிறது. அதை 412-இல் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

லாரி வாடகை: 458 பில்லில் வாடகை உங்களுடையது என்று போட்டிருக்கிறீர்கள், லாரி ரசீதிலோ ‘டு பே’ என்று வந்தது. சரக்கை இறக்க வேண்டியிருந்ததால் இங்குள்ள லாரி ஆபீசில் ரூ. 650 ரொக்கமாகக் கட்டி எடுத்தோம். கழித்துக்கொள்ளும்படி அன்றே போனில் சொன்னீர்கள். ரசீதின் போட்டோ இணைப்பில் இருக்கிறது. இது நாங்கள் உங்களுக்காகக் கட்டிய காசு, பில் மதிப்பில் குறைவு இல்லை. அதனால் வரியைத் தொடாமல் வெறும் வரவாகப் போட்டாலே போதும்.

இனி பாக்கி.

பில் 31/25-26-இல் மீதி ரூ. 9,524.

பில் 52/25-26, தேதி 20-05-2025, கால்கிலோ லேபிள் 15,000. பில் தொகை ரூ. 35,400. இதில் நாங்கள் தர வேண்டியது ரூ. 25,960. மீதி ரூ. 9,440-ஐ நிறுத்தி வைத்திருக்கிறோம், காரணம் கீழே.

பில் 79/25-26, தேதி 25-06-2025, அரைக்கிலோ லேபிள் 10,000, ரூ. 28,320. 45 நாள் கெடு ஆகஸ்ட் 9.

ஆக மொத்தம் நாங்கள் ஒப்புக்கொள்ளும் பாக்கி ரூ. 63,804. உங்கள் லெட்ஜரில் இன்று ரூ. 73,894 என்று காட்டும். வித்தியாசம் ரூ. 10,090. லாரி வாடகை 650-ம் லேபிளுக்கான 9,440-ம் சேர்ந்தது அது. வேறு எந்த வித்தியாசமும் நம் இருவர் கணக்குக்கும் இடையில் இல்லை. நான் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துப் பார்த்துவிட்டேன்.

லேபிள் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 15 ரோல் வந்தது. 11 ரோல் அருமையாக இருக்கிறது. நாலு ரோலில் லேமினேஷன் விட்டுப்போயிருக்கிறது. ரோலாகப் பார்த்தால் தெரியாது, சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் பளபளப்பு இல்லாதது தெரிகிறது. ஒட்டும் பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். தேன் நிரப்பும் மேசையில் கை எப்படியும் கொஞ்சம் பிசுபிசுப்பாகத்தான் இருக்கும், ஈரத்துணியால் பாட்டிலைத் துடைத்தபோது ‘தேன்’ என்ற எழுத்தின் சிவப்பு துணியிலேயே வந்துவிட்டது. ஜூன் மாதம் எங்கள் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒட்டி வைத்த பாட்டில்களில் இரண்டாம் நாளே லேபிளின் ஓரம் வளைவிலிருந்து எழும்பி நின்றது. அளவு, நிரப்பிய தேதி எல்லாம் அந்த லேபிளில்தான் இருக்கிறது, அது அழிந்தால் சரக்கைக் கடைக்கு அனுப்ப முடியாது.

நாலு ரோல், 4,000 லேபிள், ஒன்றுக்கு 2 ரூபாய் வீதம் ரூ. 8,000, வரி ரூ. 1,440, ஆக ரூ. 9,440. அந்த ரோல்களைத் தனியாகக் கட்டி மேலே பில் நம்பர் எழுதி வைத்திருக்கிறோம். ஒட்டிப் பார்த்த சில லேபிள் மட்டும் குறையும். அடுத்த லோடு வரும் வண்டியில் திருப்பி அனுப்பவா, இங்கேயே கிழித்துப் போடவா என்று சொல்லுங்கள். இந்த 9,440-க்கு வரியோடு ஒரு கிரெடிட் நோட் வேண்டும். ஜூலை மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் அது ஏறிவிட்டால் ஆகஸ்டில் எங்கள் 2பி-யில் தெரிந்துவிடும், நாங்களும் அதற்குரிய வரியைக் குறைத்துக்கொள்வோம். பணம் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அச்சு விஷயத்தில் உங்கள் வேலையை நம்பித்தான் சிவகாசிக்கு ஆர்டர் தருகிறோம், 11 ரோலைப் பார்த்தால் அந்த நம்பிக்கை சரி என்றுதான் தெரிகிறது.

அடுத்து பணம் எப்போது வரும் என்று கேட்பீர்கள். 31-இன் மீதி ரூ. 9,524-ம், 52-க்கான ரூ. 25,960-ம் சேர்த்து ரூ. 35,484, ஜூலை 31-க்குள் ஒரே நெஃப்ட்டாக வரும். கிரெடிட் நோட் அதற்குள் வராவிட்டாலும் இந்தப் பணம் நிற்காது. 79-க்கு ரூ. 28,320 ஆகஸ்ட் 9-க்கு முன். இந்தப் பக்கம் ரப்பர் தளிர்க்கும் மாதங்களில்தான் தேன் வரத்து, பெட்டியும் லேபிளும் அப்போதே மொத்தமாக வாங்கிவிடுகிறோம். தேன் விற்ற பணமோ மழைக்காலத்தில்தான் கைக்கு வருகிறது. அதனால் ஆகஸ்டுக்குப் பிறகு எங்களிடம் பழைய பாக்கி இருக்காது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வருடம் திருவோணம் செப்டம்பர் 5. திருவனந்தபுரம் கடைகளுக்கு ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும், கால்கிலோ பாட்டில்தான் அதிகம் கேட்கிறார்கள். பழுதான 4,000-க்குப் பதிலாக 4,000 கால்கிலோ லேபிளுக்குப் புது ஆர்டர் தனி மெயிலில் வரும். பழைய பில் 431 திறந்து நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் காட்டி அந்த லோடு நின்றுவிடக் கூடாது. ஆர்டர் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதிவிட வேண்டும் என்று நான் நினைத்ததும் அதனால்தான்.

மேலே சொன்னபடி வரவு வைத்த பிறகு, புது லெட்ஜர் ஒன்றை இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது வரி ஒத்துவரவில்லை என்றால் பில் நம்பரும் தேதியும் போட்டு எழுதினால் போதும், அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன். காலை பத்திலிருந்து மாலை ஐந்தரை வரை ஆபீசில்தான் இருப்பேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஷீலா
கணக்குப் பிரிவு, தேன் பதனிடும் நிலையம்
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்
16-07-2025

இணைப்பு: நெஃப்ட் ரசீது, லாரி வாடகை ரசீது, பழுதான லேபிளின் போட்டோ, பிப்ரவரி முதல் இன்று வரையான எங்கள் லெட்ஜர் நகல்